பாஸ்புக் போட்டோவ வச்சு சேமிப்பு வட்டிய சரிபார்க்கிறது: 10 ரூபா எந்த வரியில ஒளிஞ்சிருந்துச்சு

2025 ஜூன் கடைசியில தென்காசியிலேர்ந்து சித்தி வாட்ஸ்அப்ல ஒரு பாஸ்புக் போட்டோ அனுப்பினாங்க, கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "எய்யா, எண்பத்தி மூவாயிரம் கெடந்த கணக்குல மூணு மாசத்துக்கு வெறும் 434 ரூபா வட்டி போட்டுருக்காவ, என்னன்னு பாத்து சொல்லு." அவங்க கணக்கு என்னன்னா, 83,300 ரூபாய்க்கு 2.70 சதவீதம்னா வருஷத்துக்கு 2,249, அத நாலா வகுத்தா 562, ஆனா வந்தது 434. அப்போ 128 ரூபா எங்க?

கேள்வி நியாயமானது, அவங்க எடுத்த ரேட்டும் அந்த மூணு மாசம் தொடங்கினப்போ பேங்க்ல இருந்த ரேட்டுதான். தப்பு எங்கன்னா 83,300ங்கிற இருப்பு மூணு மாசமும் அப்படியே இருக்கல, ஏப்ரல் 7லேர்ந்து மே 1 வரைக்கும் 25 நாள்தான் இருந்துச்சு. பாஸ்புக்க பாக்கிற முக்கால்வாசி பேருக்கு அதுல இருக்கிற பெரிய தொகைதான் மனசுல நிக்கும், வட்டி போடுற கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு நாள் ராத்திரியும் கணக்குல என்ன இருந்துச்சுங்கிறது மட்டும்தான் கணக்கு.

2010 ஏப்ரல் 1லேர்ந்து இந்தியாவுல எல்லா வங்கியும் சேமிப்பு கணக்குக்கு தினசரி இருப்பு அடிப்படையிலதான் வட்டி போடணும், இது ரிசர்வ் வங்கி உத்தரவு. அதுக்கு முன்னாடி இருந்த முறை வேற, மாசத்துல 10ஆம் தேதியிலேர்ந்து கடைசி நாள் வரைக்கும் எது குறைஞ்ச இருப்போ அதுக்குத்தான் அந்த மாச வட்டி. 11ஆம் தேதி ஒரு லட்சம் போட்டா அந்த மாசம் அதுக்கு சல்லிக்காசு வட்டி கிடையாது, 29ஆம் தேதி பணத்த எடுத்தா மாசம் பூரா கெடந்ததுக்கும் வட்டி போச்சு. அந்த முறை போஸ்ட் ஆபீஸ் சேமிப்பு கணக்குல இன்னைக்கும் இருக்கு, அங்க 4 சதவீதம், 10ஆம் தேதிக்கும் மாசக் கடைசிக்கும் நடுவுல இருக்கிற குறைஞ்ச இருப்புக்கு வட்டி, வருஷத்துக்கு ஒரு தடவ மார்ச் கடைசியில சேர்ப்பாங்க. அதனால முதல்ல கையில இருக்கிற பாஸ்புக் பேங்க்கோடதா போஸ்ட் ஆபீஸோடதான்னு பாத்துக்கங்க, ஒண்ணோட சூத்திரத்த இன்னொண்ணுக்கு போட்டா எத்தன தடவ கூட்டினாலும் விடை சேராது.

பேங்க் சூத்திரம் சின்னதுதான். ஒவ்வொரு நாள் முடிவுலயும் இருக்கிற இருப்ப எல்லா நாளுக்கும் கூட்டணும், அந்த மொத்தத்த ரேட்டால பெருக்கி 36500ஆல வகுக்கணும் (365 நாள், சதவீதத்துக்காக 100). லீப் வருஷத்துல 366 எடுக்கிற பேங்க்கும் உண்டு. வந்த விடைய முழு ரூபாய்க்கு கொண்டுவரணும், ஐம்பது பைசாவும் அதுக்கு மேலயும் இருந்தா அடுத்த ரூபா, கீழ இருந்தா விட்டுரலாம். இருப்பு மாறாத நாள ஒண்ணொண்ணா கூட்ட வேண்டாம், அந்த இருப்பு எத்தன நாள் இருந்துச்சோ அதால பெருக்கினா போதும்.

சித்தியோட பேங்க்ல வட்டி மூணு மாசத்துக்கு ஒரு தடவ 25ஆம் தேதி விழுது. அப்போ ஜூன் 25 வட்டிங்கிறது மார்ச் 25லேர்ந்து ஜூன் 24 வரைக்குமான வட்டி. இத ஏன் சொல்றேன்னா நிறைய பேர் ஏப்ரல் 1லேர்ந்து ஜூன் 30 வரைன்னு எடுத்து கணக்கு போட்டு மண்டைய ஒடச்சுக்குவாங்க. பாஸ்புக்ல போன தடவ வட்டி விழுந்த தேதிய பாருங்க, அந்த நாள்லேர்ந்து இந்த தடவ விழுந்த தேதிக்கு முந்தின நாள் வரைக்கும் எண்ணுங்க. சில பேங்க்ல மாசக் கடைசி நாள் ராத்திரி போட்டுட்டு அந்த நாளையும் சேர்த்துக்குவாங்க, அது பாஸ்புக் தேதிய பாத்தாலே ஓரளவு தெரியும், சந்தேகமா இருந்தா பணமே போடாம எடுக்காம கெடந்த ஒரு காலாண்ட எடுத்து கணக்கு போட்டு பாத்தா எத்தன நாளுக்கு கொடுத்திருக்காங்கன்னு வெளிய வந்துரும்.

இனி போட்டோவுக்கு வரேன். மங்கலான டாட் மேட்ரிக்ஸ் பிரிண்ட், நடுவுல மடிப்பு, ஒரு ஓரத்துல டியூப் லைட் வெளிச்சம் அடிச்சு ரெண்டு எண் வெள்ளையா போயிருந்துச்சு. நான் படிச்ச மாதிரி வரிகள் இதுதான்: மார்ச் 25ல முந்தின காலாண்டு வட்டி சேர்ந்து இருப்பு 48,300. ஏப்ரல் 7ல செக் 35,000 வரவு, இருப்பு 83,300. மே 2ல 20,000 எடுத்தது. மே 26ல ரெண்டு வரி, 14,000 வரவு, அதே நாள் ஏடிஎம்ல 2,000 எடுத்தது, இருப்பு 75,300. ஜூன் 10ல 40,000 எடுத்து இருப்பு 35,300. ஜூன் 25ல வட்டி 434.

மே 2 வரியோட இருப்ப நான் 68,300னு படிச்சேன். அத வச்சு கணக்கு போட்டப்போ 444 வந்துச்சு, பாஸ்புக்ல 434. சித்தி சொன்ன 128 ரூபா போயி இப்போ 10 ரூபா நிக்குது. இந்த 10 ரூபாய "சரி ஏதோ ரவுண்டிங்கா இருக்கும்"னு விட்டுரக்கூடாது, ரவுண்டிங்ல ஒரு காலாண்டுக்கு அரை ரூபாய்க்கு மேல போகவே போகாது. 10 ரூபான்னா எங்கயோ ஒரு வரி தப்பா இருக்கு.

அந்த வரிய கண்டுபிடிக்க நான் எப்பவும் பண்றது ஒண்ணு இருக்கு, இந்த கட்டுரைய எழுத காரணமே அதுதான். 2.70 சதவீதத்துல ஒரு லட்சம் ரூபா ஒரே ஒரு நாள் கணக்குல கெடந்தா 7 ரூபா 40 பைசா வட்டி. அத அப்படியே திருப்பி போடுங்க. வித்தியாசம் 10 ரூபான்னா, 10ஐ 7.40ஆல வகுத்தா கிட்டத்தட்ட 1.35, அதாவது என் கணக்குல எங்கயோ சுமார் ஒரு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம் ரூபா ஒரு நாளைக்கு அதிகமா ஏறியிருக்கு. இல்லன்னா அதோட பாதி ரெண்டு நாளைக்கு, இல்லன்னா ஐயாயிரம் இருபத்தேழு நாளைக்கு, இப்படி. இப்போ வரிகள பாத்தா எந்த வரி இந்த அளவுக்கு ஒத்து வருதுன்னு தேட முடியும், சும்மா எல்லாத்தையும் மறுபடி மறுபடி கூட்டிட்டு இருக்க வேண்டாம்.

மே 2லேர்ந்து மே 25 வரைக்கும் 24 நாள். ஐயாயிரம் ரூபா 24 நாளைக்குன்னா ஒரு லட்சத்து இருபதாயிரம். ரொம்ப பக்கத்துல வருது. உடனே அந்த வரிய மட்டும் பெருசாக்கி பாத்தேன், முந்தின இருப்பு 83,300ல 20,000 கழிச்சா 63,300, நான் படிச்சதோ 68,300. மடிப்பு சரியா அந்த எண் மேல விழுந்து 3 எட்டா தெரிஞ்சிருக்கு. கீழ் வரியிலேர்ந்தும் பாக்கலாம், 63,300ஓட 14,000 கூட்டினா 77,300, அதுல 2,000 போனா 75,300, அச்சடிச்சிருக்கிறதோட சரியா சேருது.

உண்மையில இத நான் முதல்லயே பண்ணியிருக்கணும். பாஸ்புக்ல ஒவ்வொரு வரியும் தன்னத்தானே சோதிச்சுக்கிற வரி, முந்தின இருப்பு, கூட்டல் வரவு, கழித்தல் எடுத்த தொகை, அது அந்த வரி இருப்போட சேரணும். போட்டோவுல 3ம் 8ம், 1ம் 7ம், 5ம் 6ம் கண்ண ஏமாத்தும், ஆனா ஒரு இருப்ப தப்பா படிச்சா அந்த வரியும் அதுக்கு அடுத்த வரியும் ரெண்டுமே சேராம போகும், அதனால பிடிபட்டுரும். பக்கம் மாறுற எடத்துலயும் முந்தின பக்கத்தோட கடைசி இருப்பும் அடுத்த பக்கத்தோட முதல் இருப்பும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, இல்லன்னா நடுவுல ஒரு பக்கம் போட்டோ எடுக்காம விட்டிருக்காங்கன்னு அர்த்தம். ரொம்ப நாளா பதியாம விட்டு ஒரே நாள்ல பதிஞ்ச பாஸ்புக்ல சில சமயம் பல வரவு செலவ சேர்த்து ஒரே வரியா போட்டிருப்பாங்க, அந்த மாதிரி இருந்தா தினசரி இருப்பு அதுலேர்ந்து தெரியாது, ஸ்டேட்மென்ட் வாங்கித்தான் ஆகணும்.

எண்ண சரிபண்ணிட்டு மறுபடி போட்டேன்:

```
25 மார்ச் - 6 ஏப்ரல்   13 × 48300 =  627900
7 ஏப்ரல் - 1 மே        25 × 83300 = 2082500
2 மே - 25 மே           24 × 63300 = 1519200
26 மே - 9 ஜூன்         15 × 75300 = 1129500
10 ஜூன் - 24 ஜூன்      15 × 35300 =  529500
மொத்தம்                92 நாள்      5888600
```

இதுல கவனிக்க வேண்டியது நாள் எண்ணுற விதம். பணம் போட்ட நாள் புது இருப்புல சேரும், பணம் எடுத்த நாளும் புது இருப்புலதான் சேரும், ஏன்னா ரெண்டுலயும் அன்னைக்கு ராத்திரி இருக்கிறது புது இருப்புதான். மே 2 காலையில வரைக்கும் 83,300 இருந்துச்சேன்னு அந்த நாள பழைய இருப்புல போடக்கூடாது. மே 26ல ரெண்டு வரி இருந்தாலும் கடைசி வரியோட இருப்பு மட்டும்தான் எண்ணிக்கைக்கு, நடுவுல வந்த 77,300 ஒரு ராத்திரி கூட கணக்குல தங்கல. ஞாயித்துக்கிழமையும் லீவு நாளும் விடாம எண்ணணும், பேங்க் பூட்டியிருந்தாலும் பணம் அங்கதான் கெடக்கு. கடைசியா நாள் எல்லாத்தையும் கூட்டினா காலாண்டோட மொத்த நாளுக்கு வரணும், இங்க 92, அது 91 இல்ல 93 வந்தா மேல போகாம அங்கேயே நில்லுங்க.

எக்செல்லோ கூகுள் ஷீட்டோ வச்சிருந்தா நாள B பத்தியிலயும் இருப்ப C பத்தியிலயும் ரெண்டாவது வரியிலேர்ந்து போட்டுட்டு இந்த ஒரு வரி போதும்:

```
=SUMPRODUCT(B2:B6,C2:C6)*2.7/36500
```

விடை 435.60, அதாவது 436. பாஸ்புக்ல 434. இன்னும் ரெண்டு ரூபா.

இதையும் திருப்பி போட்டேன். 2ஐ 7.40ஆல வகுத்தா 0.27, இருபத்தேழாயிரம் ரூபா ஒரு நாளைக்கு. எந்த வரியிலயும் அப்படி ஒரு தொகை இல்ல, எல்லா வரியும் கூட்டிக் கழிச்சு சரியாவும் இருக்கு. நாள் தப்பா இருக்குமான்னா ஒரு நாள் தள்ளிப் போனா எந்த வரியில என்ன ஆகும்னு பாத்தேன், ஏப்ரல் 7ல ஒரு நாள்னா 35,000 மாறும், மே 2ல 20,000, மே 26ல 12,000, ஜூன் 10ல 40,000, எதுவும் சரியா 27,000 இல்ல, ரவுண்டிங்கையும் சேர்த்து பாத்தா மே 2 மட்டும்தான் கிட்ட வருது, ஆனா அந்த தேதிய பாஸ்புக்ல இருக்கிறபடியேதான் எண்ணியிருக்கேன், நாளும் 92 சரியாத்தான் இருக்கு. இருப்பும் சரி, நாளும் சரின்னா மிச்சம் இருக்கிறது ரேட் ஒண்ணுதான்.

2025 ஜூன் 6ல ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்த அரை சதவீதம் குறைச்சு 5.50 ஆக்கினாங்க, அத ஒட்டி பல பெரிய வங்கிகள் சேமிப்பு வட்டியவும் 2.50க்கு எறக்கினாங்க. சித்தியோட பேங்க்ல அது ஜூன் 15லேர்ந்து. அதாவது காலாண்டு முடிய 10 நாள் இருக்கும்போது ரேட் மாறியிருக்கு, ஜூன் 15லேர்ந்து 24 வரைக்கும் 10 நாளைக்கு 35,300ங்கிற இருப்புக்கு 2.70 கிடையாது, 2.50. வித்தியாசம் 0.20 சதவீதம், 3,53,000ஐ 0.20ஆல பெருக்கி 36500ஆல வகுத்தா 1 ரூபா 93 பைசா. 435.60ல அத கழிச்சா 433.67 வருது, ரவுண்ட் பண்ணினா 434. பாஸ்புக்ல இருக்கிற அதே எண்.

ஃபிக்ஸட் டெபாசிட்ல போட்ட அன்னைக்கு என்ன ரேட்டோ அது முடிவு வரைக்கும் மாறாது, அந்த பழக்கத்துல சேமிப்பு கணக்கையும் அப்படியே நினைச்சுக்குறோம். சேமிப்பு கணக்குல ரேட் மாறின நாள்லேர்ந்து புது ரேட், நம்ம கிட்ட யாரும் தனியா சொல்ல மாட்டாங்க, பாஸ்புக்ல அதுக்குன்னு ஒரு வரியும் வராது. அதனால வித்தியாசம் எந்த வரியோடயும் ஒட்டாம நிக்குதுன்னா, பேங்க் வெப்சைட்ல சேமிப்பு வட்டி விகிதம் எந்த தேதியிலேர்ந்துன்னு போட்டிருக்கிறத பாருங்க, காலாண்டுக்கு நடுவுல ஒரு தேதி இருந்தா அந்த எடத்துல உங்க வரிய ரெண்டா பிரிங்க. இருப்பு மாறாட்டியும் ரேட் மாறினா அங்க புது வரி. ஒரு லட்சத்துக்கு மேல இருப்பு இருந்தா இன்னொண்ணும் பாக்கணும், ஒரு லட்சம் வரைக்கும் ஒரு வங்கி எல்லாருக்கும் ஒரே ரேட்தான் தரணும், அதுக்கு மேல தொகைக்கு தகுந்த மாதிரி வேற ரேட் வச்சுக்கலாம்னு ரிசர்வ் வங்கி விட்டிருக்கு, அது பேங்க்குக்கு பேங்க் வேற.

சித்தி இன்னொரு சந்தேகமும் கேட்டாங்க. "நான் செக்க சனிக்கெழமயே குடுத்துட்டேனே, ஏன் திங்கக்கெழமயிலேர்ந்து எண்ணுத?" ஏப்ரல் 5 சனிக்கிழமை கவுண்டர்ல செக் போட்டாங்க, ரசீதுல அந்த தேதி சீல் இருக்கு. ஆனா செக்குக்கு பணம் அந்த பேங்க்கிலேர்ந்து இந்த பேங்க்குக்கு வந்து சேர்ந்தது திங்கக்கிழமை ஏப்ரல் 7, அன்னைக்குத்தான் அது சித்தியோட பணம். ரெண்டு நாள் சேர்த்து எண்ணியிருந்தா 35,000 ரெண்டு நாளைக்கு, 70,000, அதாவது 5 ரூபா 18 பைசா அதிகமா வந்திருக்கும். வித்தியாசம் கரெக்டா 5 ரூபா கிட்ட நின்னா நான் முதல்ல செக் வரியத்தான் பாப்பேன். இதே மாதிரி பாஸ்புக்ல ஒரு வரவு 12ஆம் தேதின்னு அச்சாகியிருக்கும், பேங்க் கணக்குல அது 10ஆம் தேதியிலேர்ந்து மதிப்புன்னு வச்சிருப்பாங்க, முன்னாடி விட்டுப்போன ஒரு வரவ பின்னாடி சரிபண்ணும்போது அப்படி நடக்கும், அந்த மதிப்பு தேதி பாஸ்புக்ல தெரியாது, ஸ்டேட்மென்ட்ல கேட்டா வேல்யூ டேட்டுன்னு ஒரு பத்தியில தருவாங்க. போட்டோவ வச்சு கண்டுபிடிக்க முடியாத எடம் இது ஒண்ணு.

வட்டி விழுந்த அன்னைக்கே இல்ல பக்கத்துல எஸ்எம்எஸ் கட்டணம், ஏடிஎம் கார்டு கட்டணம்னு ஒரு சின்ன பிடித்தமும் சில சமயம் இருக்கும், அது தனி வரி, அத வட்டியிலேர்ந்து கழிச்சு "வட்டி கொறஞ்சிருச்சு"ன்னு பாக்கக்கூடாது. சேமிப்பு வட்டியில டிடிஎஸ்ஸும் பிடிக்க மாட்டாங்க. ரெண்டு வருஷமா தொடாம கெடந்து இயங்காத கணக்குன்னு ஆனாலும் வட்டி போட்டுக்கிட்டேதான் இருக்கணும், அப்பா அம்மா பேர்ல பழைய பாஸ்புக் கெடச்சா அதுல வட்டி வரிகள் தொடர்ந்து இருக்கான்னு பாருங்க, நின்னு போயிருந்தா அது கேக்க வேண்டிய விஷயம்.

வரிகள் சேருது, நாள் சேருது, ரேட் தேதியும் பாத்தாச்சு, அப்பவும் வித்தியாசம் நிக்குதுன்னா கிளைக்கு போகலாம். போகும்போது "வட்டி கம்மியா இருக்கு"ன்னு பொதுவா சொன்னா "சிஸ்டம் போடுறதுதான்"னு பதில் வரும், நான் ரெண்டு எடத்துல அத கேட்டிருக்கேன். அதுக்கு பதிலா மேல இருக்கிற மாதிரி நாள், இருப்பு, பெருக்கல் எழுதின ஒரு தாள கொடுத்து, இந்த காலத்துக்கு வேல்யூ டேட்டோட ஸ்டேட்மென்ட் குடுங்க, எந்த நாள் இருப்பு உங்க கணக்குல வேறயா இருக்குன்னு காட்டுங்கன்னு எழுத்துல கேளுங்க, அப்போ அவங்களும் உங்க தாளோட ஒவ்வொரு வரியா ஒப்பிட்டு பாக்க முடியும். எழுத்துல குடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லன்னாலோ பதில் திருப்தியா இல்லன்னாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர் கிட்ட cms.rbi.org.in வழியா போகலாம், அதுக்கும் இந்த தாள்தான் ஆதாரம்.

போட்டோ அனுப்புறவங்களுக்கு ஒண்ணு, பாஸ்புக்க மேசை மேல விரிச்சு மடிப்ப அமுக்கி, ஜன்னல் வெளிச்சத்துல, பக்கத்துக்கு ஒரு போட்டோவா, வட்டி வரிக்கு முந்தின வட்டி வரி வரைக்கும் எல்லா பக்கமும் எடுங்க. முதல் பக்கம் தேவையே இல்ல, கணக்கு எண்ணும் பேரும் குடும்ப குரூப்ல சுத்த வேண்டாம். சித்தி முதல் பக்கத்தையும் சேர்த்தே அனுப்பியிருந்தாங்க, அத அழிக்க சொன்னேன்.

எல்லாத்தையும் எழுதி அனுப்பினப்புறம் சித்தி போன் பண்ணி, சரிய்யா, அப்போ அடுத்த தடவ எவ்வளவு வரும்னு கேட்டாங்க. ஜூன் 25ல வட்டி சேர்ந்து இருப்பு 35,734, செப்டம்பர் 24 வரைக்கும் 92 நாள், ரேட் 2.50, நடுவுல போடாம எடுக்காம ரேட்டும் மாறாம இருந்தா 225 ரூபான்னு சொன்னேன். பாஸ்புக் பின் அட்டையில பென்சில்ல 225னு எழுதி வச்சுக்கிட்டாங்க.